கியர் ஹப் மோட்டார் கிளம்பும்போது திக்குது: ஹால் சென்சாரா, ஃபேஸ் வயரா?

அரவேனு_சைக்கிள்

வணக்கங்க. என் வண்டி 36 வோல்ட், 250 வாட், பின்சக்கரத்துல கியர் ஹப் மோட்டார். தினம் அரவேனுல இருந்து கோத்தகிரிக்கு ஏறி வேலைக்குப் போறேன், சாயந்திரம் இறங்கி வர்றேன்.

நின்ன இடத்துல த்ராட்டில் கொடுத்தா டக்-டக்-டக்னு அதிருது. சக்கரம் கொஞ்சம் முன்னால போய் அப்படியே நின்னுடுது. காலை ஊன்றி ரெண்டு அடி தள்ளிவிட்டா பிடிச்சுக்குது. சமதரைல நல்லாத்தான் ஓடுது. ஏத்தத்துல மட்டும் ஒரு கரகரப்பு, இழுவையும் முன்ன மாதிரி இல்ல.

பின்சக்கரம் பஞ்சர் ஒட்டினதுக்கு அப்புறம்தான் இது ஆரம்பிச்சது. அதே கடையில காட்டினேன். "ஹால் சென்சார் போச்சு, மோட்டாரே மாத்தணும்"னு சொல்லிட்டாங்க. மல்டிமீட்டர் ஒண்ணு கைல இருக்கு. கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்தா தடிமனான மூணு வயர் தனித்தனி புல்லட் கனெக்டர்லயும், மெல்லிசா அஞ்சு வயர் ஒரு வெள்ளை சாக்கெட்லயும் வருது. சாக்கெட்டைக் கழட்டி மோட்டார் பக்கம் அளந்தேன். எந்த வயர்லயும் வோல்ட்டே காட்டல. அப்ப மூணு சென்சாருமே போயிடுச்சா?

கூடலூர்_ரைடர்

தள்ளிவிட்டா ஓடுதுன்னா ஹால்தான் நண்பா, வேற யோசனையே வேணாம். இப்ப வர்ற கன்ட்ரோலர்ல நிறைய ஹால் இல்லாமலும் ஓட்டத் தெரிஞ்சது. மோட்டார் சுத்த ஆரம்பிச்சா அதுல உண்டாகிற வோல்ட்டை வெச்சே இடத்தைக் கண்டுபிடிச்சுக்கும். நிக்கும்போது அந்த வோல்ட் இருக்காது, ஹால் மட்டும்தான் வழி. அதான் கிளம்பும்போது மட்டும் திக்குது. மூணு சென்சாரும் வாங்கி மாத்திடுங்க, மோட்டார் மாத்த வேண்டாம்.

பெருமாள்மலை_காப்பி

எனக்கும் இதே பிரச்சினைதான். காலைல பனியோட வண்டிய எடுத்தா, ஏத்தத்துல த்ராட்டில் கொடுத்ததும் ஒரு உதறல், டிஸ்ப்ளே அணைஞ்சு மறுபடி எரியும். நானும் ஹால் சென்சார் வாங்கி வெச்சுக்கலாமா?

அருவங்காடு_பெஞ்ச்

பெருமாள்மலை, உங்களது வேற கதை. டிஸ்ப்ளே அணையுதுன்னா கரண்டே துண்டிக்கப்படுதுன்னு அர்த்தம். ஹால் போனாலும் ஃபேஸ் அறுந்தாலும் டிஸ்ப்ளே எரிஞ்சுகிட்டேதான் இருக்கும். 36 வோல்ட் பேட்டரி முழுசா ஏத்தினா 42 காட்டும், 31-க்குப் பக்கத்துல போனா வண்டி அடைச்சுக்கும். குளிர்ல லித்தியம் செல்லுக்கு உள் தடை கூடும், அதனால கிளம்புற நேரத்துல வோல்ட் சட்டுனு விழும். கிளம்பும்போது டிஸ்ப்ளேல வோல்ட் எவ்வளவு இறங்குதுன்னு பாருங்க, பேட்டரி முனையையும் தொட்டுப் பாருங்க. சென்சார் வாங்காதீங்க.

அரவேனு தம்பி, உங்க மூணு சென்சாரும் போகல. நீங்க அளந்த விதத்துல நல்ல சென்சாரும் பூஜ்யம்தான் காட்டும். ஹால் சென்சார் தானா வோல்ட் தர்றதில்ல. சிக்னல் வயரைத் தரைங்கிற கருப்பு வயரோட சேர்க்கிறது, விடுறது, அவ்வளவுதான் அதோட வேலை. அந்த 5 வோல்ட் கன்ட்ரோலர் உள்ள இருக்கிற ரெசிஸ்டர் வழியா வருது. சாக்கெட்டைக் கழட்டினா சப்ளையும் இல்ல, அந்த 5 வோல்ட்டும் இல்ல.

அதனால சாக்கெட்டை மாட்டியே வைங்க. வண்டிய ஸ்டாண்ட்ல தூக்கி நிறுத்துங்க, ஆன் பண்ணுங்க, த்ராட்டிலைத் தொடாதீங்க. மீட்டரோட கருப்பு முனையை சாக்கெட் பின்பக்கமா கருப்பு வயர்ல குத்துங்க. முதல்ல சிவப்பு வயர்ல 5 வோல்ட்டுக்குப் பக்கமா வருதான்னு பாருங்க. வரலைன்னா மத்ததை அளந்து பிரயோஜனமில்ல. வந்தா மஞ்சள், பச்சை, நீலம் ஒவ்வொண்ணா வெச்சுகிட்டு சக்கரத்தைப் பின்னால மெதுவா சுத்துங்க. கியர் ஹப்ல முன்னால சுத்தினா உள்ள கிளட்ச் வழுக்கும், மோட்டார் நகரவே நகராது. 0-க்கும் 5-க்கும் மாறிக்கிட்டே இருந்தா அந்த சென்சார் நல்லா இருக்கு. எந்த இடத்துல நிறுத்தினாலும் 5-லயே நின்னா சென்சாரோ அதோட வயரோ போச்சு. 0-லயே நின்னா அந்த சென்சார் உள்ள ஷார்ட், இல்லேன்னா சிக்னல் வயர் தரையைத் தொடுது.

அரவேனு_சைக்கிள்

நன்றி அக்கா. சிவப்புல 4.9 வருது. பின்னால சுத்தினா மூணுமே மாறுது. மஞ்சளும் பச்சையும் 0.1-ல இருந்து 4.9 வரைக்கும். நீலம் மட்டும் கீழ 0.7 வரைக்கும்தான் இறங்குது, மேல 4.9 சரியா வருது.

கூடலூர்_ரைடர்

பாத்தீங்களா, நீலம். அதான் கோளாறு.

அருவங்காடு_பெஞ்ச்

நீலம் கொஞ்சம் சரியில்லைதான், நல்ல சென்சார் 0.4-க்குக் கீழ இறங்கணும். ஆனா 0.7-ஐயும் கன்ட்ரோலர் கீழ்நிலைன்னுதான் எடுத்துக்கும். அதை அப்புறம் பாத்துக்கலாம், ஓரமா குறிச்சு வைங்க.

கூடலூர், நீங்க சொன்ன காரணம் சரி, அதுல இருந்து எடுத்த முடிவுதான் அவசரம். தள்ளினா ஓடுறதுக்கு ஹால் மட்டும் காரணமில்ல. நிக்கிற மோட்டார் இழுக்கிற கரண்ட்தான் இருக்கிறதிலேயே அதிகம். சக்கரம் உருள ஆரம்பிச்சதும் கரண்ட் குறையும். ஃபேஸ் வயர்ல ஒரு சொத்தை இணைப்பு இருந்தா, அதிக கரண்ட்ல அது தாங்காது, கொஞ்சம் கரண்ட்ல தாங்கிடும். தள்ளிவிட்டா அதுவும் "சரியாயிடும்". இவர் சொன்ன இன்னொரு விஷயத்தைக் கவனிங்க: ஏத்தத்துல கரகரப்பு. சக்கரம் ஓடிக்கிட்டிருக்கும்போது சுமை ஏறினாத்தான் அது வருது. நீங்க சொல்ற மாதிரி ஹால் இல்லாம ஓட்டுற கன்ட்ரோலர்னா, ஓட்டத்துல ஹால் கோளாறு மறைஞ்சே போகணும்.

ஹால் கோளாறு சக்கரம் நிக்கிற இடத்தைப் பொறுத்தது. சொத்தை ஃபேஸ் சுமையைப் பொறுத்தது. பிரிக்கிறதுக்கு நான் எப்பவும் பிடிக்கிற நுனி இதுதான்.

மூணு ஹால் சேர்ந்து ஆறு நிலையைச் சொல்லும். ஒண்ணு மேலயே மாட்டிக்கிச்சுன்னா ஆறுல மூணு நிலை சரியா வரும், ரெண்டு நிலை பக்கத்து நிலைன்னு தப்பா வரும், ஒரு நிலை 'மூணுமே மேல'ன்னு வரும், அப்படி ஒரு நிலையே கிடையாது. அதனால சில இடத்துல வண்டி சுத்தமா கிளம்பும், சில இடத்துல உதறும். சக்கரத்தைத் தூக்கி வெச்சு சுமையே இல்லாம பாத்தாலும் அப்படித்தான்.

இதையே சோதனையா செய்யுங்க. சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, கொஞ்சமா த்ராட்டில் கொடுத்துக் கிளப்பிப் பாருங்க. நிறுத்தி, டயரை ஒரு விரல் அகலம் பின்னால தள்ளி மறுபடி கிளப்புங்க. அப்புறம் அரை விரல். பெரும்பாலான கியர் ஹப்ல டயர் ஏறக்குறைய மூணு விரல் அகலம் நகர்றதுக்குள்ள அந்த ஆறு நிலையும் வந்து போயிடும். எல்லா இடத்துலயும் சுத்தமா கிளம்பினா ஹாலை விட்டுட்டு ஃபேஸ் பக்கம் வாங்க.

ஒண்ணு மட்டும் எச்சரிக்கை. ஃபேஸ் வயர் முழுசா அறுந்திருந்தா அதுவும் இடத்தைப் பொறுத்த மாதிரியே தெரியும், ஏன்னா ஆறுல நாலு அடிக்கு அந்த வயர் வேணும். ஆனா முழுசா அறுந்ததை ஓம் மீட்டரே காட்டிக்கொடுத்துடும், அதுல குழப்பமில்ல.

அரவேனு_சைக்கிள்

தூக்கி வெச்சு, சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா பின்னால தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எல்லா இடத்துலயும் வெண்ணெய் மாதிரி கிளம்புது அக்கா. தரையில இறக்கி மேல உக்காந்தாத்தான் டக்-டக்.

உடனே ஃபேஸையும் அளந்தேன். மூணு புல்லட்டையும் கன்ட்ரோலர்ல இருந்து கழட்டி ரெண்டு ரெண்டா ஓம்ல வெச்சா 0.5, 0.6, 0.6. ரெண்டு முனையையும் ஒண்ணோட ஒண்ணு தொட்டாலே 0.3 காட்டுது. மூணும் கிட்டத்தட்ட ஒண்ணுதானே, அப்ப ஃபேஸும் சரியா?

மேட்டுப்பாளையம்_ஸ்பேர்ஸ்

அப்ப கன்ட்ரோலர்தான். என்கிட்ட மாட்ட வர்றவங்க இதே மாதிரி சொல்வாங்க. புதுசு போட்டா போயிடும், பாக்ஸோட விலையும் ஒண்ணும் பெருசில்ல.

அருவங்காடு_பெஞ்ச்

தயவுசெஞ்சு இப்ப புது கன்ட்ரோலர் மாட்டாதீங்க. ஃபேஸும் ஹாலும் ஒரே கேபிள்ல, ஒரே ஆக்ஸில் துளை வழியாத்தான் உள்ள போகுது. அங்க தோல் உரிஞ்சு ஃபேஸ் வயர் ஹால் வயரைத் தொட்டிருந்தா 36 வோல்ட் நேரா 5 வோல்ட் லைன்ல ஏறும். மூணு ஹாலும் போகும், புது கன்ட்ரோலரும் போகும். முதல்ல மோட்டார் பக்கம் எல்லாத்தையும் கழட்டி வெச்சுகிட்டு, ஒவ்வொரு தடி வயருக்கும் ஒவ்வொரு மெல்லிசு வயருக்கும் நடுவுல ஓம் பாருங்க, கேபிளை ஆட்டிக்கிட்டே. மீட்டர் எப்பவும் OL தான் காட்டணும். தடி வயருக்கும் ஆக்ஸில் இரும்புக்கும் நடுவுலயும் அதே.

இன்னொண்ணு, கழட்டின மூணு தடி வயரும் ஒண்ணையொண்ணு தொடாம இருக்கும்போது சக்கரம் பின்னால லேசா சுத்துதா? அப்பவும் முட்டி முட்டிச் சுத்தினா வயர் உள்ளயே ஒண்ணோட ஒண்ணு ஷார்ட். கழட்டினா லேசாகி, மாட்டினா முட்டினா, அப்பத்தான் கன்ட்ரோலர் மேல சந்தேகப்படலாம்.

உங்க ஓம் அளவு எதையும் சொல்லல. மோட்டார் சுற்றோட தடை ஒரு ஓம்ல கால் பங்குதான், மீட்டர் முனையோட தடையே 0.3. அதோட மீட்டர் அனுப்புறது மில்லி ஆம்பியர் கணக்குல. சொத்தை இணைப்பு அதுக்கெல்லாம் அசையாது. நிஜமான கரண்ட் விடணும்.

பழைய 12 வோல்ட் பைக் பேட்டரி, 35 வாட் ஹெட்லைட் பல்பு ஒண்ணு தேடுங்க. பேட்டரி ப்ளஸ்ல இருந்து பல்பு, பல்பில இருந்து ஒரு ஃபேஸ், இன்னொரு ஃபேஸ்ல இருந்து பேட்டரி மைனஸ். பல்பு முழுசா எரியும், 2.8 ஆம்பியருக்குப் பக்கம் ஓடும். சக்கரத்தை அசைக்காதீங்க. இப்ப மீட்டரை டிசி 2 வோல்ட்ல வெச்சு, அந்த ரெண்டு ஃபேஸ் புல்லட் உலோகத்து மேலயே நேரா தொட்டு அளங்க. கிளிப் மேல தொட்டா கிளிப்போட சொத்தையும் சேர்ந்து வரும். மூணு ஜோடிக்கும் எழுதுங்க. பல்பு சுடும், கை படாம பாத்துக்குங்க.

அரவேனு_சைக்கிள்

செஞ்சாச்சு.

நீலம்–பச்சை: 0.61 வோல்ட்
நீலம்–மஞ்சள்: 0.95
பச்சை–மஞ்சள்: 0.96

தடி வயருக்கும் மெல்லிசு வயருக்கும் எல்லாமே OL. ஆக்ஸிலுக்கும் OL. கழட்டி வெச்சா சக்கரம் லேசாத்தான் சுத்துது.

கூடலூர்_ரைடர்

அட. ரெண்டு ஜோடி தப்பு. அப்ப ரெண்டு சுற்று போச்சா?

அருவங்காடு_பெஞ்ச்

இல்ல, ஒரே ஒண்ணுதான். தப்பான ரெண்டு ஜோடிலயும் பொதுவா இருக்கிறது மஞ்சள். மஞ்சள் இல்லாத ஜோடி மட்டும் நல்லா இருக்கு. ஒரு வயர்ல சொத்தை இருந்தா எப்பவும் இப்படித்தான் வரும்.

எவ்வளவு சொத்தைன்னும் தெரிஞ்சுக்கலாம். கூடுதல் 0.34 வோல்ட், அதை 2.8 ஆம்பியரால வகுத்தா 0.12 ஓம். சின்னதாத் தெரியும். ஆனா ஏத்தத்துல நின்ன இடத்துல கிளம்பும்போது ஃபேஸ்ல 20 ஆம்பியர் போனா, அந்த ஒரு இடத்துல மட்டும் 2.4 வோல்ட் விழும், 48 வாட் சூடு. ஒரு சால்டரிங் அயர்னோட சூடு உங்க கேபிளுக்குள்ள. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தா இன்சுலேஷன் உருகி, மேல சொன்னேனே அந்த 36 வோல்ட் கதை நடந்திருக்கும்.

இப்ப இடத்தைக் கண்டுபிடிங்க. பல்பு எரியும்போதே மீட்டரைப் பார்த்துக்கிட்டு கேபிளைக் கொஞ்சம் கொஞ்சமா வளைச்சுக்கிட்டே ஆக்ஸில் வரைக்கும் போங்க. எந்த இடத்துல எண் குதிக்குதோ அங்கதான்.

அரவேனு_சைக்கிள்

ஆக்ஸில் வாய்லயே! கேபிள் வெளிய வர்ற இடத்துல கொஞ்சம் அசைச்சதும் 0.95 சட்டுனு 1.4-க்கு ஏறுது, விட்டா 0.8.

நட்டைக் கழட்டிப் பார்த்தேன். நாக்கு வெச்ச வாஷர் ஒண்ணு இருக்குதுங்களே, அந்த நாக்கு சட்டத்தோட பிளவுல உக்காராம வெளிய நிக்குது. ஆக்ஸில் லேசா திரும்பியிருக்கு, கேபிள் வர்ற வாய் கீழ பார்க்காம முன்னால பார்க்குது, வாஷரோட விளிம்பு கேபிள் தோல்ல பிறை மாதிரி பதிஞ்சிருக்கு. தோலைக் கீறிப் பார்த்தா மஞ்சள் வயர் உள்ள பச்சை பூத்து, செம்பு இழை எல்லாம் உதிர்ந்து வருது.

கூடலூர்_ரைடர்

சில இழை மட்டும் மிச்சம் இருந்ததால திக்கியிருக்கு போல.

அருவங்காடு_பெஞ்ச்

கொஞ்ச இழை மிச்சம் இருந்தா இவ்வளவு தடை வராது. ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு முடி மாதிரி ஒரே ஒரு செம்பு இழை பாக்கி இருந்தாக்கூட 0.02, 0.03 ஓம்தான். 0.12 வந்து, ஆட்டினா குதிக்குதுன்னா, எல்லா இழையும் அறுந்து முனைகள் உறைக்குள்ள சும்மா தொட்டுக்கிட்டிருந்திருக்கு. அந்தப் பச்சை, ஈரம் புகுந்ததுக்கு அடையாளம். கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி மழையும் மூடுபனியும் கிழிஞ்ச தோல் வழியா இறங்க எவ்வளவு நேரம் ஆகும்.

சரி பண்றதுக்கு, பக்க மூடியைத் திறந்து ஆக்ஸில் வழியா புது கேபிள் இழுத்துப் போடுறதுதான் நான் செய்வேன்.

மேட்டுப்பாளையம்_ஸ்பேர்ஸ்

அது பெரிய வேலைங்க. கியர் எல்லாம் வெளிய எடுக்கணும், கிரீஸ் மாத்தணும். வெட்டு வாய்க்கு வெளிய இருந்தா அங்கயே இழைகளைப் பின்னி சால்டர் வெச்சு, ஹீட் ஷ்ரிங்க் ரெண்டு அடுக்கு போட்டா போதும். அப்படிச் செஞ்ச வண்டிங்க பர்லியார் கொண்டை ஊசி வளைவுல ஏறி இறங்கிக்கிட்டுத்தான் இருக்கு.

அருவங்காடு_பெஞ்ச்

ஓடும். ஆனா சால்டர் ஊறின இடம் விறைச்சுக்கும், அது முடியுற ஓரத்துலதான் அடுத்த முறிவு வரும். ஆக்ஸில் வாய் கேபிள் ஆடுற இடம். வெட்டுக்கு உள்பக்கம் ஆக்ஸில்ல இருந்து ரெண்டு விரல் அகலமாவது நல்ல வயர் வெளிய இருந்தா ஒத்துக்குவேன், இல்லேன்னா மாட்டேன். பச்சை பூத்த செம்புல சால்டர் ஒட்டவும் செய்யாது, பளிச்சுனு செம்பு தெரியுற வரைக்கும் வெட்டிட்டுத்தான் வைக்கணும்.

அரவேனு_சைக்கிள்

வாய்க்கு வெளிய அவ்வளவு நல்ல வயர் இல்ல அக்கா. குன்னூர்ல மோட்டார் வைண்டிங் பண்ற ஒருத்தர்கிட்ட கொடுத்து உள்ள இருந்தே புது கேபிள் இழுத்துப் போட்டாச்சு. பல்பு வெச்சு மறுபடி அளந்தேன்: 0.61, 0.62, 0.61. வாஷரோட நாக்கைச் சட்டப் பிளவுல உக்கார வெச்சு, கேபிள் வாய் கீழ பார்க்கிற மாதிரி நட்டை இறுக்கினேன். கேபிளைக் கீழ ஒரு தொங்கல் விட்டுக் கட்டியிருக்கேன், தண்ணி அதுலயே சொட்டிடும்.

கோத்தகிரி மார்க்கெட் ஏத்தத்துல நிறுத்திக் கிளப்பினேன், ஒரு டக் கூட இல்ல. கரகரப்பும் போயிடுச்சு.

நீல ஹால் மட்டும் இன்னும் 0.7-தான். புது கேபிள் போட்டும் மாறல.

கூடலூர்_ரைடர்

மூடி திறந்தப்பவே மாத்தியிருக்கலாமே! இப்ப மறுபடி திறக்கணும்.

அருவங்காடு_பெஞ்ச்

கேபிள் மாறியும் 0.7 இருக்குன்னா வயர் காரணமில்ல. மூணுக்கும் தரை ஒண்ணுதான், தரையில தடை இருந்தா மூணும் ஏறியிருக்கும், அதனால அதுவும் இல்ல. மிச்சம் ரெண்டு: நீல சென்சாரே பலவீனமா இருக்கலாம், இல்ல சாக்கெட்டுல நீல பின் பச்சை பூத்திருக்கலாம். வைண்டிங்காரர் பழைய வெள்ளை சாக்கெட்டையே போட்டாரா?

அரவேனு_சைக்கிள்

பழசேதான் அக்கா.

அருவங்காடு_பெஞ்ச்

அப்ப நீலம் கீழ் நிலையில இருக்கிற மாதிரி சக்கரத்தை நிறுத்தி, சாக்கெட்டோட ரெண்டு பக்கமும் தனித்தனியா அளங்க. கன்ட்ரோலர் பக்கம் 0.7, மோட்டார் பக்கம் 0.1-னு வந்தா பின்தான், சுத்தம் பண்ணினா போதும். ரெண்டு பக்கமும் 0.7 வந்தா சென்சார் மேல சந்தேகம், ஆனாலும் அதுக்காக இப்பவே மூடியைத் திறக்க வேண்டாம்.

மேட்டுப்பாளையம்_ஸ்பேர்ஸ்

திறந்தா மூணையும் சேர்த்தே மாத்துங்க. ஒண்ணு மட்டும் வேற ரகம் போட்டா மாறுற இடம் தள்ளிப்போய் மோட்டார் இரையும்.

அரவேனு_சைக்கிள்

அளந்துட்டேன். ரெண்டு பக்கமும் 0.7.

அருவங்காடு_பெஞ்ச்

சரி, அப்ப சென்சார் பக்கம்தான் இருக்கும். உறுதியா சொல்ல மூடியைத் திறக்கணும், இப்ப அதுக்கு அவசியமில்ல. மழைக்காலம் முடிஞ்சதும் ஒரு தடவை அளங்க. 0.7 அப்படியே நின்னா விட்டுடுங்க. 1.5, 2-ன்னு ஏறிக்கிட்டே போனாலோ, தூக்கி நிறுத்தின சக்கரம் சில இடத்துல மட்டும் உதற ஆரம்பிச்சாலோ, அப்ப மூணு சென்சாரும் வாங்குங்க.

பெருமாள்மலை_காப்பி

அக்கா, நான் பார்த்தேன். கிளம்பும்போது 38-ல இருந்து 30-க்கு விழுது. தனிப் பதிவு போடுறேன், அங்க வாங்க.